சாஞ்சி என்று நினைத்த படம்

வெள்ளைக் குவிமாடம், அதன் முன்னே சிற்ப வேலை செய்த தோரணவாசல். இந்த இரண்டும் ஒரு படத்தில் இருந்தால் நம்மில் பெரும்பாலானோர் யோசிக்காமல் சாஞ்சி என்று சொல்லிவிடுவோம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஸ்தூபி என்றால் அந்த ஒரு படம்தான். இப்போது இருநூறு ரூபாய் நோட்டின் பின்பக்கத்திலும் அதுதான் இருக்கிறது. ஆனால் சாஞ்சியின் தோரணத்தைப் பார்த்துக் கட்டப்பட்ட இடங்கள் இந்தியாவில் பல உண்டு. அவற்றில் சில, நம் தோழர்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது போய்வர நினைக்கும் இடங்கள். ஒன்றை இன்னொன்றாக எண்ணிப் பயணச்சீட்டு எடுத்தால் வேறொரு மாநிலத்தில் போய் இறங்குவோம்.

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரி மாணவி ஒருவர் போன ஆண்டு அப்படி ஒரு படத்தைக் கொண்டுவந்தார். அரக்கோணம் பக்கம் ஊர். அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. படத்தில் அவரும் நான்கு நண்பர்களும் வெள்ளைச் சட்டையில் வரிசையாக நிற்கிறார்கள். பின்னால் தோரணமும் குவிமாடமும். "வடக்க டூர் போனப்ப எடுத்தது" என்பதற்கு மேல் அவர் வீட்டில் எதுவும் சொன்னதில்லை. அம்மா அதைச் சாஞ்சி என்றே இத்தனை நாள் நம்பியிருந்தார். அவர் நின்ற இடத்தில் தானும் ஒருமுறை நிற்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. பயண ஏற்பாட்டாளர் ஒருவர் போபால், சாஞ்சி, உஜ்ஜயினி என்று மூன்று நாள் திட்டம் போட்டுக் கொடுத்து முன்பணமும் கேட்டிருந்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி, வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இரண்டாம் முறை இவ்வளவு தூரம் போகும் வாய்ப்பு அவருக்கு இல்லை.

படத்தில் முதலில் எங்களை உறுத்தியது குவிமாடத்தின் வடிவம். சாஞ்சியின் பெரிய ஸ்தூபி சுமார் 120 அடி விட்டம் உடையது. உயரமோ, மேலே உள்ள குடையையும் வேலியையும் விட்டுவிட்டால், 54 அடிதான். அதாவது அகலத்தில் பாதியைவிடக் குறைவு. நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது உச்சியில் சற்றுத் தட்டையாக, கவிழ்த்த சட்டியைப் போல அமர்ந்திருக்கும். நிறமும் வெள்ளையல்ல, பழைய மணற்கல்லின் பழுப்பு. மிக முக்கியமானது, அது உள்ளே நிறைந்த ஸ்தூபி. செங்கல்லும் கல்லும் நிரப்பிக் கட்டியது, உள்ளே நுழைய வழியே கிடையாது. சுற்றி வரலாம், அவ்வளவுதான். மாணவி கொண்டுவந்த படத்தில் தோரணத்துக்குப் பின்னால் படிகள் தெரிந்தன. படிகளுக்கு மேல் ஒரு வாசல், அதில் ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு செய்தியே போதும், சாஞ்சியை ஒதுக்கிவைத்துவிடலாம். ஸ்தூபி படம் எதைப் பார்த்தாலும் முதலில் தேட வேண்டியது இதைத்தான்: ஆட்கள் அதற்குள் போகிறார்களா, அதைச் சுற்றிப் போகிறார்களா?

அப்படியானால் எந்த ஊர்? ராஜ்கிரிலும் ஒடிசாவின் தௌலியிலும் ஜப்பானிய பௌத்தர்கள் முன்னின்று கட்டிய வெள்ளை ஸ்தூபிகள் இருக்கின்றன. இரண்டும் குன்றின் மேல் நிற்பவை, குவிமாடத்திலேயே புத்தர் உருவங்கள் வைத்த மாடங்கள் உண்டு. எங்கள் படத்தில் அப்படி மாடம் எதுவும் தெரியவில்லை, தரையும் சமதளம். மும்பையில் கோராய் பக்கம் இருக்கும் விபாசனா பகோடா பொன்னிறம். கலபுரகியின் புத்த விகாரை திறக்கப்பட்டது 2009இல்தான். எங்கள் படம் அதற்கு முந்தைய பிலிம் கேமரா காலத்துப் படம்.

இந்த இடத்தில் உதவியது படத்தின் இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நின்ற ஒரு துணிப் பதாகை. தேவநாகரி எழுத்து. எங்களில் ஒரு தோழர் மும்பையில் சில ஆண்டுகள் இருந்தவர். அவர் கடைசி இரண்டு எழுத்துகளைப் படித்து 'பூமீ' என்றார். பூமி இல்லையா என்று கேட்டோம். இல்லை, நெடில்தான் போட்டிருக்கிறார்கள் என்றார். விஷயம் இதுதான்: பூமி போன்ற சொற்களின் இறுதியில் வரும் இகரத்தை இந்தியில் குறிலாக எழுதுவார்கள், மராட்டியில் நெடிலாக எழுதுவார்கள். எழுத்துத் தெரியாதவர்கள்கூட இதைக் கண்டுபிடிக்கலாம். தேவநாகரியில் குறில் இகரத்தின் கொக்கி மெய்யெழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும், நெடிலின் கொக்கி வலப்பக்கம் நிற்கும். சொல்லின் கடைசிக் கோடு வலப்பக்கம் வளைந்து நின்றால் அது மராட்டிக்காரர் எழுதிய பதாகையாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கொக்கி எங்களை மத்தியப் பிரதேசத்திலிருந்து மகாராஷ்டிராவுக்குக் கொண்டுவந்தது.

மகாராஷ்டிராவில், ஸ்தூபியோடு, 'பூமீ' என்று முடியும் பெயர் என்றால் எந்தத் தோழருக்கும் இரண்டு இடங்கள் நினைவுக்கு வரும். ஒன்று மும்பை தாதர் கடற்கரையில் உள்ள சைத்யபூமி, 1956 டிசம்பரில் அண்ணல் அம்பேத்கரின் உடல் எரியூட்டப்பட்ட இடம். மற்றொன்று நாக்பூரின் தீக்ஷாபூமி, அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று அவர் பௌத்தம் தழுவி, தன்னோடு வந்த லட்சக்கணக்கான மக்களுக்கு 22 உறுதிமொழிகளை வழங்கிய இடம். இந்த இரண்டின் படங்களும் இடம் மாறிப் பகிரப்படுவதை ஒவ்வொரு டிசம்பரிலும் பார்க்கிறோம். நம் தோழர்கள் ஒட்டும் சுவரொட்டிகளிலேயே டிசம்பர் 6 நினைவு நாளுக்கு நாக்பூர் ஸ்தூபியைப் போட்டுவிடுகிறார்கள்.

பிரித்தறிவது கடினமல்ல. சைத்யபூமி சிறியது. சதுரமான கட்டடம், அதன் மேல் சிறிய குவிமாடம். வாசலில் சாஞ்சி பாணித் தோரணம் அங்கேயும் உண்டு, குழப்பத்துக்கு அதுதான் காரணம். ஆனால் பக்கத்தில் மாடிக் கட்டடங்கள் நெருக்கும், பின்னால் கடல். தீக்ஷாபூமியோ பரந்த மைதானத்தின் நடுவே எழும் பெரிய ஸ்தூபி. உள்ளே கூடமாக இருக்கும்படி கட்டப்பட்டது. நான்கு திசையிலும் வாசல், ஒவ்வொன்றின் முன்னும் தோரணம். குவிமாடத்தைச் சுற்றி ஒரு தாழ்வாரம் ஓடும். அந்தத் தாழ்வாரத்தின் கூரை வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கும், அதன் மேல் நான்கு திசைக்கும் ஒவ்வொரு குட்டி ஸ்தூபி. எங்கள் படத்தில் ஒரு நண்பரின் தலைக்கு மேல், பெரிய குவிமாடத்தை ஒட்டி, ஒரு சின்னக் குமிழ் தெரிந்தது. அதுவரை அதைப் படத்தில் விழுந்த அழுக்கு என்றே நினைத்திருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் குடையோடு கூடிய குட்டி ஸ்தூபி. வரைபடச் செயலியில் பொதுமக்கள் ஏற்றியிருக்கும் தீக்ஷாபூமி படங்களோடு ஒப்பிட்டோம், பொருந்தியது.

இடம் தெரிந்ததும் மாணவி கேட்ட கேள்வி, "அப்பா எப்ப போனார் தோழர்?" படத்தின் வலது மூலையில் ஆரஞ்சு நிறத்தில் கேமரா அச்சிட்ட தேதி இருந்தது: 5 10 '03. இந்த வகைத் தேதியை அப்படியே நம்பக் கூடாது. ஒன்று, அந்தக் கேமராக்களில் நாள், மாதம், ஆண்டு வரிசையை விருப்பம்போல் மாற்றி வைக்கலாம். ஆகவே இது அக்டோபர் 5 ஆகவும் இருக்கலாம், மே 10 ஆகவும் இருக்கலாம். இரண்டு, பேட்டரி மாற்றிய பிறகு தேதியைச் சரிசெய்யாவிட்டால் கேமரா தன் தொடக்க ஆண்டிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்துவிடும்.

ஆண்டைச் சரிபார்க்க ஸ்தூபியே உதவியது. அதன் கட்டுமானம் பல ஆண்டுகள் இழுத்து, 2001 டிசம்பரில் அன்றைய குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் கையால் திறக்கப்பட்டது. படத்தில் இருப்பது முழுமை பெற்ற ஸ்தூபி. ஆகவே 2003 என்பது நம்பக்கூடிய ஆண்டுதான். மாதத்துக்கு, படத்தில் இருந்த கூட்டம். பின்னணியில் தோள் இடிக்கும் நெரிசல், வெள்ளைப் புடவைப் பெண்கள், நீலக்கொடிகள். மே 10 என்றால் நாக்பூர் வெயில் 45 டிகிரியைத் தொடும் காலம். புத்த பௌர்ணமிகூட அந்த ஆண்டு மே 16 அன்றுதான் வந்தது. மே 10இல் அத்தனை பேர் கூடக் காரணமில்லை. சரி, அக்டோபர் 5 என்றால்? தம்ம தீட்சை நாள் அக்டோபர் 14 அல்லவா, ஒன்பது நாள் முன்னால் எதற்குக் கூட்டம்?

இளைய தோழர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது. 1956 அக்டோபர் 14 அந்த ஆண்டின் விஜயதசமி. அசோகர் பௌத்தம் தழுவிய நாள் என்று கருதப்படுவதால் பாபாசாகேப் அதைத் தேர்ந்தெடுத்தார், அசோக விஜயதசமி என்றே அங்கே சொல்வார்கள். நாக்பூரில் மக்கள் பெருந்திரளாகக் கூடுவது ஆங்கிலத் தேதிப்படி அல்ல, விஜயதசமிப்படி. அந்த நாள் ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2023இல் அக்டோபர் 24, 2024இல் அக்டோபர் 12, 2025இல் அக்டோபர் 2. பழைய நாட்காட்டியைப் புரட்டினோம். 2003இல் விஜயதசமி அக்டோபர் 5.

மாணவி வெகுநேரம் பேசவில்லை. சுற்றுலா போன வழியில் எட்டிப்பார்த்த இடமல்ல அது. அந்த நாளைத் தெரிந்துகொண்டு, ஆயுதபூஜை விடுமுறையில், நண்பர்களோடு ரயிலேறிப் போயிருக்கிறார். "அப்பா தீட்சை எடுத்தாரா?" என்று பிறகு கேட்டார். அதற்குப் படத்தில் பதில் இல்லை என்றுதான் சொன்னோம். அவர் அந்த நாளில் அங்கே நின்றார் என்பதுவரை படம் சொல்கிறது. கை கூப்பி உறுதிமொழி சொன்னாரா, கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினாரா என்பது அவரோடு நின்ற நால்வரில் யாராவது இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒருவர் ஆம்பூரில் இருப்பதாக அம்மா நினைவுபடுத்திச் சொன்னார். அவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி பயணம். போபால் திட்டத்தைக் கைவிட்டதும் முதலில் முடிவுசெய்ய வேண்டியிருந்தது, எப்போது போவது என்பது. எங்களைக் கேட்டால், முழங்கால் வலி உள்ளவருக்கு டிசம்பர், ஜனவரிதான் நல்லது. வெயில் இருக்காது, ஸ்தூபிக்குள் வரிசையில்லாமல் போகலாம், நடுவே வைத்திருக்கும் அண்ணலின் அஸ்திக் கலசத்தின் முன் வேண்டுமளவு நிற்கலாம். 22 உறுதிமொழிகள் பொறித்த தூணையும், அனுராதபுரத்திலிருந்து பதந்த் ஆனந்த் கௌசல்யாயன் கொண்டுவந்த கன்றிலிருந்து வளர்ந்த போதி மரத்தையும் நிதானமாகப் பார்க்கலாம். அரைநாள் போதும். இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கூட்டம் இல்லாத எடத்துல போயி அவர எங்கப்பா தேடுறது?" என்றார். அதற்குமேல் எங்களுக்குப் பேச்சில்லை. விஜயதசமிக்கே திட்டம் போட்டோம்.

அந்த நாளுக்குப் போவதென்றால் கணக்கு வேறு. சென்னையிலிருந்து நாக்பூர் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் இரண்டும் அங்கே நிற்கும், மாலையிலோ இரவிலோ ஏறினால் மறுநாள் பகலில் இறங்கலாம். முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். ஆயுதபூஜைக் கூட்டமும் சேருவதால் படுக்கை வசதி சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே மகாராஷ்டிரா அரசு விடுமுறைப் பட்டியலில் தசரா எந்த நாள் என்று முதலில் பார்த்து, அதற்கு மூன்று நாள் முன்னால் கிளம்பும்படி கணக்கிட்டு, அந்தத் தேதியிலிருந்து 60 நாள் பின்னோக்கி எண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பும் சீட்டை விஜயதசமி அன்றிரவுக்குப் போடாதீர்கள். வந்த லட்சக்கணக்கானவர்களும் அன்றிரவுதான் ரயில் நிலையத்தை நோக்கி நடப்பார்கள். முன்பதிவுப் பெட்டியிலும் கால்வைக்க இடமிருக்காது. ஒருநாள் தங்கி மறுநாள் மாலை கிளம்புவது மேல். தங்கும் அறைக்கும் அதே 60 நாள் கணக்கை வைத்துக்கொள்ளலாம்.

மைதானத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் அன்று வண்டி விடமாட்டார்கள். ரயில் நிலையத்திலிருந்து மெட்ரோவில் சீதாபுல்டி வந்து, அங்கே ஆரஞ்சுத் தடத்துக்கு மாறி, ரஹாட்டே காலனியில் இறங்கி நடப்பது ஒரு வழி. சாதாரண நாளில் அங்கிருந்து ஆட்டோ கிடைக்கும். விழா நாளில் அந்தத் தூரத்தைக் கால்தான் கடக்க வேண்டும். அம்மாவுக்காக நாங்கள் செய்த ஏற்பாடு, விஜயதசமிக்கு முந்தைய நாள் விடியற்காலையிலேயே ஸ்தூபியின் உள்ளே போய்வந்துவிடுவது. கூட்டம் முந்தைய நாளே சேரத் தொடங்கிவிடும் என்றாலும் காலையில் வரிசை நகரும். மறுநாள் உள்ளே போக முயலாமல் மைதானத்தில் அமர்ந்துகொள்வது. மடக்கு நாற்காலி ஒன்று, தண்ணீர், மாத்திரை. ஒருவரையொருவர் தவறவிட்டால் எங்கே சந்திப்பது என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு கூட்டத்தில் போன் சிக்னலை நம்ப முடியாது. தோரணத்தடியில் என்று சொல்லிவைக்காதீர்கள், நான்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

நான்கும் ஒன்றுபோல என்றால், அப்பா நின்றது எந்தத் தோரணம்? இதையும் படத்திலேயே கண்டுபிடிக்கப் பார்த்தோம். ஐந்து பேரின் நிழலும் அவர்களுக்குப் பின்னால், ஸ்தூபியை நோக்கி நேராக விழுந்திருந்தது. நீளம் ஆள் உயரத்தில் ஏறக்குறைய பாதி. அக்டோபர் தொடக்கத்தில் நாக்பூரில் உச்சிவேளைச் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், நிழல் வடக்கே விழும், நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவே. காலையிலோ மாலையிலோ எடுத்திருந்தால் நிழல் ஆளைவிட நீண்டிருக்கும். ஆகவே அவர்கள் நண்பகல் வாக்கில் ஸ்தூபியின் தெற்குப் பக்கம் நின்றிருக்கிறார்கள். படம் எடுத்தவர் வடக்கே பார்த்திருக்கிறார். போனில் உள்ள திசைகாட்டியை வைத்து அந்தப் பக்கத்துக்குப் போய், குட்டி ஸ்தூபி பெரிய குவிமாடத்தின் விளிம்பை எந்த இடத்தில் தொடுகிறது என்று பார்த்துக்கொண்டே இரண்டடி முன்னும் பின்னும் நகர்ந்தால் அவர் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். தரையை வைத்து மட்டும் தேட வேண்டாம், இருபது ஆண்டில் அது எவ்வளவோ மாறியிருக்கும். மைதானத்தில் நிலத்தடி வாகன நிறுத்துமிடத்துக்குத் தோண்டிய வேலையை 2024 ஜூலையில் மக்கள் திரண்டு எதிர்த்ததும், அரசு அதை நிறுத்திவைத்ததும் நினைவிருக்கலாம். சமீபத்திய படங்களைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

அந்த நாளில் சாலையோரமெல்லாம் புத்தகக் கடைகள்தான். சாமி படமும் வளையலும் விற்கும் நம்மூர்த் திருவிழாவை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அது முதலில் நம்ப முடியாமல் இருக்கும். பெரும்பாலும் மராட்டி, இந்தி நூல்கள். நமக்குப் படிக்க வராவிட்டாலும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ச் சிறுநூல்களை வாங்கி மூட்டை கட்டும் கூலித் தொழிலாளர்களை நின்று பாருங்கள். மாணவி இப்போது தேவநாகரி எழுத்து கற்றுக்கொண்டிருக்கிறார். பயணப் பட்டியலில் அம்மாவின் நாற்காலிக்குக் கீழே 'காலிப் பை ஒன்று' என்று அவரே எழுதிச் சேர்த்திருக்கிறார்.